எட்டாவது அடியில் ஒரு கறுப்புக் கோடு

எங்கள் வீட்டுக் கூடத்தில் வாசலிலிருந்து எட்டாவது அடியில், சுவருக்குச் சுவர், டைல்ஸ்களுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. மற்ற இடுக்குகளைவிட அது கொஞ்சம் அகலம். அந்த இடத்தில்தான் முன்பு தறிக்குழி இருந்தது. அப்பா தறியைத் தனிக் கொட்டகைக்கு மாற்றியபோது குழியை மண் போட்டு மூடினார்கள். மூடிய மண் ஒரு நாள் இறங்கும், இறங்கினால் டைல்ஸ் வெடிக்கும் என்று டைல்ஸ் மேஸ்திரி குழியின் விளிம்போடு ஒரு கோடு விட்டு, சிமெண்டுக்குப் பதில் ரப்பர் போல நெளிந்து கொடுக்கும் கறுப்புப் பசையை அதில் நிரப்பினார். கோடு வந்த கதை அவ்வளவுதான். அது எங்கள் வீட்டை விட்டு வெளியே போன கதைதான் கொஞ்சம் நீளம்.

நான் ஆரணியில் ஒரு டைல்ஸ் கடையில் படம் போடும் வேலை பார்க்கிறேன். தூரிகைப் படம் இல்லை. வாடிக்கையாளர் டைல்ஸைத் தேர்ந்தெடுத்ததும், அதைப் போட்டால் அவர் வீடு எப்படி இருக்கும் என்று ஏஐ-யில் பிராம்ப்ட் எழுதி, அதாவது என்ன வேண்டும் என்று வார்த்தையில் விவரித்து, படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்பவர்கள் இதை ஏதோ பொத்தானை அழுத்தும் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைப்பவர்களை ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

அந்த இயந்திரத்துக்கு அழகு தெரியும், நேர்மை தெரியாது. மீன்முள் மாதிரி டைல்ஸ் போடுகிற ஹெர்ரிங்போன் வேண்டும் என்றால், அந்தப் பெயரை எழுதினால் போதாது. ஹெர்ரிங்போனில் ஒவ்வொரு பலகை டைல்ஸின் குட்டைப் பக்கமும் அடுத்ததன் நீளப் பக்கத்தில் போய் முட்டி நிற்க வேண்டும். அது முனைகளைச் சாய்வாக வெட்டி, அம்புக்குறி மாதிரி ஒட்ட வைத்துவிடும். அது வேறு டிசைன். பெரிய ஸ்லாப் என்று எழுதினால் ஒன்றரை அடிச் சதுரங்களாகக் கொட்டி வைக்கும். எல்லாவற்றையும்விட மோசம் கிரவுட் கோடுகள், டைல்ஸ் இடுக்கில் பூசுகிற கோடுகள். சோபாவுக்கு இந்தப் பக்கம் ஓடிய கோடு அந்தப் பக்கம் நாலு விரல் தள்ளி எழுந்து வரும். ஒரு அறையில் நேராக இருக்கும் கோடு வாசற்படியைத் தாண்டினால் கோணிக்கொள்ளும். பட்டு வியாபாரம் பண்ணுகிற ஊரில் இது எடுபடாது. புடவையின் கரை நூலளவு விலகினாலும் கண்டுபிடிக்கிற கண்கள் இங்கே தெருவுக்கு நூறு.

அதனால் நான் எங்கள் வீட்டுக் கூடத்தையே பாடமாக வைத்துக்கொண்டேன். தினமும் அளந்து பார்க்கக் கூடிய தரை அது ஒன்றுதான். பெரிய ஸ்லாப் என்று எழுதாமல், பதினாறு அடி அகலத்தில் நாலடி ஸ்லாப் நாலு, நடுவே மூன்று கோடுகள்தான் தெரிய வேண்டும் என்று எண்ணிக்கையாக எழுதினேன். காமிரா நெஞ்சு உயரத்தில், நேர் எதிரே, எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியை நோக்கிப் போக வேண்டும் என்றேன். முதலில் சாமான் எதுவும் இல்லாத வெற்று அறை. கூடவே தரைக்கோடுகளை மட்டும் வரைந்த ஒரு படம். கடையில் பலரும் கேட்கிறபடி முன்னறையில் ஹெர்ரிங்போன், உள்ளறையில் ஸ்லாப்; ஹெர்ரிங்போனின் கூர்முனைகள் வரிசையாக நிற்கும் நடுக்கோடு வாசற்படியைத் தாண்டி உள்ளறை ஸ்லாபின் நடுக்கோட்டோடு ஒரே கோடாகச் சேர வேண்டும். இத்தனையும் எழுதியும் படம் நிலைக்கவில்லை. கடைசியில், சும்மா பார்ப்போமே என்று, எட்டாவது அடியில் குறுக்கே ஒரு அகலமான கறுப்புக் கோடு என்று எங்கள் வீட்டுக் கோட்டையும் சேர்த்தேன். அன்றைக்குத்தான் படம் அடங்கியது. குறுக்கே ஒன்று அழுத்தமாகக் கிடந்ததும் மற்றக் கோடுகள் அதைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றன. அந்த வரியை எடுத்தால் மறுபடி நெளிந்தன. ஆகையால் அதை பிராம்ப்டில் வைத்தே படம் எடுத்து, முடிந்த பிறகு கோட்டை மட்டும் கையால் அழித்துக் கொடுப்பேன். இது நான் யாரிடமும் சொல்லாத கடைசி வேலை. ஒளித்து வைத்ததாக நினைக்க வேண்டாம், சொல்லத் தோன்றவில்லை.

கடையில் என் பக்கத்து நாற்காலியில் என் தோழி. வேலூரில் ஒன்றாக டிப்ளமோ படித்தவள். போளூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவளுக்கென்று அம்மா காரம் குறைத்து ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைப்பாள். எனக்கு அந்தச் சலுகை கிடையாது.

"உன்னோட பிராம்ப்ட அனுப்புடி, வூட்ல போட்டுப் பழகிக்கிறேன்" என்று ஒரு நாள் கேட்டாள். முழுவதையும் அப்படியே வாட்ஸாப்பில் அனுப்பினேன். கோடுகள் நெளியாமல் நின்ற சந்தோஷத்தை யாரிடமாவது காட்ட வேண்டும் போலவும் இருந்தது.

அப்போது பஜாரில் ஒரு பட்டு வியாபாரி, தன் கடைக்கு மேலே முதல் மாடி கட்டிக்கொண்டிருந்தார். புடவை பார்க்கிற கூடத்தில் ஹெர்ரிங்போன், கல்யாணப் பட்டு எடுக்கிற உள்ளறையில் பெரிய ஸ்லாப், இரண்டின் கோடும் ஒன்றாக ஓட வேண்டும். எங்கள் கடைக்கு வந்து அவரே சொன்னார்.

"படத்துல கோடு நேரா வந்தாத்தாம்மா தரையிலயும் நேரா வரும். யாரு படம் சரியா இருக்குதோ அவங்ககிட்டயே மாடி மொத்தமும் குடுத்துடறேன். பேரு போட்டு போர்டும் வெச்சுக்கோங்க."

டைல்ஸ் எங்கள் கடையில்தான் வாங்கப் போகிறார். ஆனால் மாடியின் வடிவமைப்பு முழுதும், சுவர், விளக்கு, அலமாரி எல்லாம், தனி ஆளாக எடுத்துச் செய்யலாம் என்று முதலாளியும் சொல்லிவிட்டார். கடை வேலையாக இல்லாமல் என் பெயரில் ஒரு வேலை. அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது தோழிக்குத் தெரியும். வாசலில் வைக்கும் போர்டில் எழுத்து எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்றுகூட அவளிடம் பேசியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை படங்களோடு போனேன். வியாபாரி உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்து, அதற்குப் பிறகுதான் சொன்னார்.

"கோச்சிக்காதம்மா. முந்தாநாளே ஒருத்தங்க வந்து காட்டிட்டாங்க. கோடு நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சு. வாக்கு குடுத்துட்டேன்."

யார் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். சாயங்காலம் தோழி என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தாள். "போனா போவுதுடி. நீ இன்னும் கொஞ்சம் ஜல்தியா முடிச்சிருக்கலாம்" என்றாள். அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அடுத்த வாரம் அவள் கடையிலிருந்து நின்றுவிட்டாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அலைய முடியவில்லை என்றாள். நான் அதையும் நம்பினேன்.

பிறகு ஒரு நாள் மேஸ்திரி கடைக்கு வந்தார். எங்கள் வீட்டுத் தரையைப் போட்ட அதே மேஸ்திரி. பட்டு வியாபாரியின் மாடிக்கு அவர்தான் டைல்ஸ் போடப் போகிறார், அளவு எடுக்க வந்திருந்தார். போனை என் முன்னால் நீட்டினார்.

"ஏம்மா, இந்தப் படத்துல எனக்கு ஒண்ணு புரியல. எட்டாவது அடியில இன்னாத்துக்கு இந்தக் கறுப்புக் கோடு? இது மாடியாச்சே. உங்க வூட்லன்னா தறிக்குழி இருந்துச்சு, வுட்டேன். மாடியில ஏது குழி?"

படத்தைப் பார்த்தேன். ஹெர்ரிங்போனின் நடுக்கோடு வாசலைத் தாண்டி ஸ்லாபின் கோட்டில் போய்ச் சேர்ந்திருந்தது. உள்ளறையில் மூன்று நெடுங்கோடுகள். காமிரா நெஞ்சு உயரத்தில். குறுக்கே, எட்டாவது அடியில், எங்கள் வீட்டுத் தறிக்குழியின் விளிம்பு. என் பிராம்ப்டை நான் தோழி ஒருத்திக்குத்தான் அனுப்பியிருந்தேன்; அதில் ஒரு எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை. வரிகள் எதற்கு என்று கேட்காமலே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"யாரு குடுத்தாங்க இத?" என்று, தெரிந்துகொண்டே கேட்டேன்.

"உன்னோட சிநேகிதி பொண்ணுதான். உனக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் சேந்து பண்றீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கே அவளுக்குப் போன் செய்தேன். மறுப்பாள், அழுவாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"நீ அனுப்புனதுதானே. நான் ஒண்ணும் உன் பெட்டிய ஒடச்சு எடுக்கலியே. நாலு வரி இங்கிலீஷு, அத யாரு வேணா எழுதலாம்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "அந்தக் கறுப்புக் கோடு எப்பிடிடி போவும்? எடுத்தா எல்லாம் கோணிக்கினு போவுது. மேஸ்திரி கேட்டுகினே இருக்காரு" என்றாள்.

திருடியவள் வந்து சாவி சரியாகத் திரும்பவில்லை என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் வைத்துவிட்டேன். கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு நான் ஒரு வாட்ஸாப் செய்திதானா?

வியாபாரியிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "படம் யாரு போட்டா இன்னாம்மா, எனக்குத் தரை நேரா வரணும்" என்றார். பிறகு, "அந்தக் குறுக்குக் கோடு நல்லாத்தான் இருக்குது. புடவைக்கு முந்தி பிரிச்ச மாதிரி. அது டிசைன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அப்பிடியே போடச் சொல்லிட்டேன்" என்றார்.

மேஸ்திரி சொன்னதைச் செய்தார். மண்ணே இல்லாத மாடியில், இறங்கவே இறங்காத கான்கிரீட் மேல், ஸ்லாபை நகர்த்தி இடம் விட்டு, கறுப்புப் பசை நிரப்பினார்.

சித்தி மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க அம்மா அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும் என்றாள். நான் அம்மாவிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. மாடி வாசலில் போர்டு இருந்தது, அவள் பெயரோடு. எழுத்து நான் சொன்ன அதே நிறத்தில் இருந்தது. அவளும் அங்கேதான் இருந்தாள், யாரோ வாடிக்கையாளருக்கு விளக்குகளைக் காட்டிக்கொண்டு.

அம்மா உள்ளறைக்குள் போய், குனிந்து பார்த்து, செருப்பில்லாத காலால் அந்தக் கோட்டைத் தடவினாள்.

"இது நம்ம வூட்டுக் கோடாட்டம் இருக்குதே" என்றாள்.

"நம்ம வூட்டுக் கோடுதாம்மா" என்றேன், அறை முழுதும் கேட்கும்படி.

தோழி திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். தினமும் எங்கள் கூடத்தில் அதைத் தாண்டி வந்து சாப்பிட்டவளுக்கு, அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அவளைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம்.

"ஏம்மா, இங்கதான் இருக்கியா? ஊர்லயே இருந்துகினு சாப்பிட வரதே இல்லியே. உன்னோட கிண்ணம் அப்பிடியே கெடக்குது" என்றாள்.

அவள் வருகிறேன் என்று சொன்னாள். அம்மா அதை நம்பிக்கொண்டு புடவை பார்க்க உட்கார்ந்தாள்.