இடப்பக்கப் பின்பாக்கெட்

பஹ்ரைனில் இருந்த தையல் கடைக்கு என் முதல் கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். அதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். அவர் மேல் இல்லை, என் மேல்தான். இங்கிலீஷில் எழுதத் தெரிந்தவர் என்றதும் அவரிடம் ஓடினேனே தவிர, அவருக்கு எதை எழுதிப் பழக்கம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

அது எண்பதுகளின் தொடக்கம். தேரடித் தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் பதினோரு வருஷம் மெஷின் போட்டிருந்தேன். துணி எடுக்கிறவர்கள் அப்படியே திரும்பி என்னிடம் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். கார்த்திகை தீபக் கூட்டம் முடிந்த வாரம் முதலாளி கடையை இடித்துப் பெரிதாகக் கட்டப் போவதாகச் சொன்னார். புதுக் கட்டடத்தில் பாத்திரக் கடை வருகிறதாம். என் மெஷினை மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீடென்றால் ஒரே அறை. மெஷினைப் போட்டதும் பிள்ளைகள் இரண்டும் படுக்க இடமில்லை.

சந்துக்குள் இருக்கிற வீட்டைத் தேடி யார் வருவார்கள்? செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர்களிடம் போய்க் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் தொளதொளவென்று ஒரு பைஜாமா தைத்துக்கொண்டார். அது கிழியவே இரண்டு வருஷம் ஆகும். பொங்கல் துணிகூட என்னிடம் வரவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்து மதியச் சோறோடு நாளைத் தள்ளின. என் மனைவி விடிந்ததும் வேன் ஏறிக் கீழ்பென்னாத்தூருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கப் போக ஆரம்பித்தாள். விதை மல்லாட்டையைக் கையால்தான் உடைக்க வேண்டும், மெஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும். ஒரு மாதத்தில் அவளுடைய இரண்டு கட்டைவிரல் நகமும் நடுவில் விண்டுவிட்டன. சோறு பிசையும்போது கையை மறைத்துக்கொள்வாள். ஆம்பிளை என்று பெயர் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் காஜா பாய் வந்தார். நான் தைத்த சட்டைகளுக்கெல்லாம் பதினோரு வருஷமாகப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக் கொடுத்தவர். அவருடைய மச்சான் பஹ்ரைனில் ஒரு தையல் கடையில் இருந்தார். அங்கே பேண்ட் தைக்க ஒரு ஆள் தேவை, ஒரே ஒரு விசா, இங்கிலீஷில் கடிதம் வேண்டும் என்று எழுதியிருந்தார். முந்தின வருஷம் ஒரு ஏஜெண்டின் பேச்சைக் கேட்டு எடுத்த பாஸ்போர்ட் என்னிடம் பெட்டியில் சும்மா கிடந்தது. அந்தத் தெம்பில்தான் மனு எழுதுகிறவரிடம் போனேன்.

அவர் பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன் என்று எழுதிப் பழகிய கை. என் கஷ்டத்தையெல்லாம் கேட்டார், ஒன்று விடாமல் எழுதினார். வேலையிழந்து தவிக்கும் ஏழை, பசியால் வாடும் பிஞ்சுக் குழந்தைகள், தங்கள் பாதம் பணிந்து மன்றாடுகிறேன், தாங்களே தெய்வம். தமிழில் படித்துக் காட்டியபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைப் படித்து இரங்காதவன் மனுஷனா என்று நினைத்தபடி தபாலில் சேர்த்தேன்.

மாசி பிறந்து மச்சானிடமிருந்து பதில் வந்தது. பாய் அதை என் கையில் கொடுக்கவில்லை. அவரே படித்தார், அதுவும் மெதுவாக.

“மாஸ்டர், அங்க துணி வெட்டுற கட்டர் மாஸ்டர் கேட்டாராம். இந்த ஆளுக்கு என்னா தைக்கத் தெரியும்னு இதுல ஒரு வரிகூட இல்லியே, தர்மம் கேக்கறானா வேலை கேக்கறானான்னு.”

மச்சான் மன்றாடியதில் இன்னொரு வாய்ப்பு தந்திருந்தார்கள். ஒரு அளவை அனுப்பியிருந்தார்கள். அதற்கு ஒரு பேண்ட் தைத்து, ஒழுங்கான கடிதத்தோடு அனுப்ப வேண்டும். இடுப்பு முப்பத்திரண்டு, பின்பாக்கெட் ஒன்று, வலப்பக்கம். அங்கிருந்து லீவில் வாணியம்பாடிக்கு வந்திருந்த ஒருவர் எட்டு நாளில் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இந்தத் தடவை தவறினால் விசா வேறு ஆளுக்குப் போய்விடும்.

பேண்ட் தைக்கத் துணி வேண்டுமே! பீரோவில் ஒரு துணி இருந்தது, நல்ல டெரிகாட். தீபத்துக்கு முன்னால் ஒரு வாத்தியார் அளவு கொடுத்துவிட்டுப் போனவர், மாற்றல் ஆகிவிட்டதால் திரும்ப வரவே இல்லை. அதையே வெட்டு, அவர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் பாய். இரண்டு தரம் எடுத்து விரித்து இரண்டு தரமும் மடித்து வைத்தேன். தையல்காரனை நம்பித் துணியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதில் கை வைத்தால் அப்புறம் என்ன நான் தையல்காரன்?

மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்து என் கல்யாண பேண்ட்டை எடுத்துப் போட்டாள். வரவேற்புக்காக நானே எனக்குத் தைத்துக்கொண்ட பெல்பாட்டம். வெளிப்பக்கம் வெளுத்திருந்தது. உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் நிறம் அப்படியே இருந்தது. பிரித்து, உள்ளே இருப்பதை வெளியே போட்டுத் திருப்பித் தைக்கலாம். காலில் விரிவை வெட்டினால் இடுப்புப் பட்டிக்குத் துணி கிடைக்கும். பழைய இடுப்பு முப்பது. ஆனால் பின்தையலில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டிருந்தேன். எங்கள் ஊரில் அப்படி விடாமல் தைத்தால் வாடிக்கைக்காரர் சண்டைக்கு வருவார். உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ள வேண்டுமே. அந்தத் துணிதான் இப்போது கை கொடுத்தது.

அவளே பிளேடு வைத்துத் தையலைப் பிரித்தாள். விண்ட நகத்தில் நூல் சிக்கிச் சிக்கி இழுத்தது. நான் பிரிக்கிறேன் என்றேன், கேட்கவில்லை.

எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. துணியைத் திருப்பினால் வலது இடதாகிவிடும். வலப்பக்கம் இருந்த பின்பாக்கெட்டின் வெட்டு இடப்பக்கம் வந்து நின்றது. வெட்டிய துணியை ஒட்ட முடியுமா? இடப்பக்க வெட்டைப் புதுசாகக் கட்டி ஒரு பாக்கெட்டாக முடித்து, அவர்கள் கேட்டபடி வலப்பக்கமும் ஒன்று வைத்தேன். இஸ்திரி போட்டு மடித்தபோது புதுத் துணியா பழையதா என்று பாய்க்கே தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

கடிதத்துக்கு இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். அங்கே சொல்லிக் கொடுத்த அம்மா கறாரானவர். கஷ்டத்தை ஆரம்பித்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

“அதெல்லாம் வேணாங்க. கடைக்கு வர்றவங்ககிட்ட நீங்க என்னா சொல்லுவீங்களோ, அதைச் சொல்லுங்க.”

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் அடித்தார். பதினான்கு வருஷமாகத் தைக்கிறேன். அளவெடுத்து, வெட்டி, தைத்து முடிப்பது எல்லாம் நானே. வெட்டி வைத்திருந்தால் ஒரு நாளைக்கு நான்கு பேண்ட் முடிப்பேன். சட்டைக் காலர் சுருங்காது, உள்ளே வைக்கிற கேன்வாஸை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவேன். காஜா எடுப்பது வேறு ஆள். கோட் தைக்கத் தெரியாது, சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வேன். சொன்ன நாளில் துணி கொடுக்காமல் விட்டது இரண்டே தடவை, ஒன்று என் அப்பா இறந்த அன்று, இன்னொன்று மெஷின் தண்டு உடைந்த அன்று. ஒரு மாப்பிள்ளையின் பேண்ட்டை இஸ்திரியில் தீய்த்துவிட்டு, அதே துணியைத் தேடி வேலூர் வரை போய் வாங்கி வந்து முகூர்த்தத்துக்கு முன்னால் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் மேலே சொன்னேன். இந்த பேண்ட் புதுத் துணி அல்ல, என்னுடையதையே பிரித்துத் திருப்பித் தைத்தது, இடப்பக்கப் பின்பாக்கெட் அதனால்தான், நீங்கள் கேட்டது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

பாய் எழுந்தே விட்டார். “பைத்தியமா உனக்கு? ரெண்டு பாக்கெட்டு வெச்சா இங்கத்திய பேஷன்னு நெனச்சிக்கப் போறான். வாயில வந்து விழுற சோத்தத் தட்டி விடறியே!”

எனக்கும் கோபம் வந்தது. கட்டர் மாஸ்டர் என்றால் துணியைத் தொட்டதும் தெரிந்துவிடும், மறைத்தால் மறைத்தவன் என்றாகிவிடும் என்று கத்தினேன். தைரியத்தில் கத்தவில்லை. பயத்தில் கத்தினேன். அந்த அம்மா மட்டும் நான் சொன்னதைச் சொன்னபடி அடித்து முடித்தார்.

பாய் வாணியம்பாடிக்குப் போய்ப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. தபால்காரர் சந்து முனையைத் தாண்டிப் போகும்வரை நான் வாசலிலேயே நிற்பேன். அந்த வரியைச் சேர்த்திருக்க வேண்டாமோ என்று தினமும் நினைத்தேன். சித்திரை வெயிலில் மல்லாட்டை வேலையும் நின்றது. மெஷினை விற்றுவிடலாம் என்று ஒரு ஆளைக் கூட்டிவந்து காட்டவும் செய்தேன். அவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபோது மனைவி வெளியே போய்விட்டாள். நல்லவேளை, அவருக்குப் பிடிக்கவில்லை.

வைகாசியில் பாய் வந்தார். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் என் பேண்ட், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியே மெஷின் பலகையில் உட்கார்ந்தேன். பாய் பேண்ட்டை உதறினார். மடிப்புக்குள்ளிருந்து விசா காகிதம் விழுந்தது.

மச்சான் எழுதியிருந்தார். கட்டர் மாஸ்டர் பேண்ட்டை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு கடிதத்தைப் படிக்கச் சொன்னாராம். பாக்கெட்டைப் பற்றிய வரி வந்ததும் போதும் என்று நிறுத்திவிட்டு, கோட் தைக்க நான் சொல்லித் தருகிறேன், இதைப் போட்டுக்கொண்டு வரச் சொல் என்றாராம்.

போட்டுப் பார்த்தேன். இடுப்பில் நிற்கவில்லை, வழுக்கி இறங்கியது. என் இடுப்பில் டேப்பை வைத்தால் இருபத்தெட்டுகூட இல்லை. கல்யாணத்தன்று முப்பது இருந்தவன் நான். சாக்பீஸால் கோடு போட்டு, பின்தையலைப் பிடித்துத் தைத்தேன். உள்ளே கொத்தாகத் துணி சேர்ந்துவிட்டது. உட்கார்ந்தால் உறுத்தும். வெட்டி எறியக் கத்திரியை எடுத்தேன்.

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விண்ட நகம் இன்னும் சரியாகாத அந்த விரல் என் மணிக்கட்டில் சொரசொரவென்று அழுத்தியது.

“வெட்டாதீங்க. அப்படியே உள்ள இருக்கட்டும். அங்க போயி சாப்பிட்டு ஒடம்பு தேறுச்சின்னா பிரிச்சிக்கலாம்.”

கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கொத்துத் துணி உறுத்த உறுத்தத்தான் மெட்ராஸ் பஸ் ஏறினேன்.