கண்ணாடி நகர்ந்த கணக்கு

பழைய கொடிக்கம்பத்தை அறுத்துச் சாய்க்க வேண்டும். பத்து மீட்டர் தள்ளி ஒர்க்‌ஷாப் கொட்டகை. கம்பத்தின் உயரம் அளக்க, ஃபிட்டர் தரையில் கண்ணாடியை வைத்து, அதில் கம்பத்தின் உச்சி தெரியும்வரை பின்னால் நகர்ந்து, நின்ற இடத்தில் கோடு போட்டார். டேப் எடுத்து வருவதற்குள், கூட்டாளி கண்ணாடியைத் தூக்கித் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"இருந்த எடத்துலயே வெச்சிடறேன், மச்சான்."

இருபது வருடப் பழக்கம், நம்பித் தொலைத்தார். கம்பத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தை, கண்ணாடிக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, தன் கண் உயரத்தால் பெருக்கினார். உயரம் எட்டு மீட்டர்; கொட்டகைப் பக்கம் சாய்த்தாலும் எட்டாது.

சாய்ந்த கம்பம் கொட்டகைக் கூரையைப் பிளந்தது. படுபாவி கண்ணாடியைக் கம்பத்துப் பக்கமாக அரை மீட்டர் தள்ளி வைத்திருக்கிறான், அதில்தான் உயரம் குறைந்து வந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

மேலாளரிடம் கூட்டாளி சொன்னான்: "கண்ணாடிய நான் தொடவே இல்ல சார். அளந்தது அவர்தான்."

ஃபிட்டர் அவன் தலையையே பார்த்தார். வகிடு மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.