கடைசி மூன்று மாதக் கூலி

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பல வருஷம் கணக்கு எழுதினேன். அண்ணன் தம்பி இருவர் கூட்டாக நடத்திய கம்பெனி. எல்லாரும் பாய் என்று கூப்பிட்ட பெரியவர் தொழிலாளியோடு நின்று டீ குடிப்பார். தம்பி ரூபாயோடு மட்டும்தான் நின்று பேசுவார்.

எண்பதுகளின் நடுவில், பல டேனரிகளில் ஆள் வேலையை விட்டு நிற்கும் அன்றுதான் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைப் பேச்சே வரும். எங்கள் பாய் அப்படியில்லை. ஒவ்வொரு மார்ச் முடிவிலும் யாருக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று போட வைப்பார். அந்த வருஷம் கூடியதை லாப நஷ்டக் கணக்கில் செலவாக எழுதி, கிராஜுவிட்டி ஒதுக்கீட்டில் வரவு வைப்பேன். "வெறும் ஒதுக்கீட்டுக்கு வரிக்காரன் கழிவு தரமாட்டான்" என்று வேலூர் ஆடிட்டர் ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பார். "நான் குடுக்க வேண்டிய கடன் அது. எழுதுங்க" என்பார் பாய்.

தோலின் உள்பக்கச் சதையைக் கத்தியால் வழித்தெடுக்கும் வேலையில் ஒரு மூத்த தொழிலாளி இருந்தார். ஒரு தோலுக்கு இவ்வளவு என்ற பீஸ் கணக்கில் நாளுக்குச் சராசரி இருபது ரூபாய் வாங்குவார். அந்த மார்ச்சில் இருபத்தொன்பது வருஷம் நிறைந்திருந்தது. வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி என்ற கணக்கில் அவருக்காக அதுவரை மொத்தம் எட்டாயிரத்து எழுநூறு ஒதுக்கியிருந்தோம். பாய் சந்தோஷம் தாங்காமல் அவரிடமே அதைச் சொல்லிவிட்டார். அவர் நேராக ஆலங்காயம் போய், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார்.

ஐப்பசியோடு வேலையை விடுவதாக இருந்தார். ஆடியில் அவர் விரல்கள் வீங்கிக்கொண்டன. பாய்க்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இன்னா கை இது? நிக்கப்போற நேரத்துல கத்தி புடிச்சது போதும். உக்காந்து ஓரம் வெட்டு" என்றார்.

தோலின் ஓரத்தைச் சீராக வெட்டுவதும் பீஸ் கணக்குத்தான், ரேட்டு மட்டும் கம்மி. நாளுக்குப் பன்னிரண்டு தேறும். மூன்று மாதத்தில் வேலையை விடப்போகிறவருக்கு அது பெரிதாகப் படவில்லை, எங்களுக்கும் படவில்லை. டேனரியே பாயை வாழ்த்தியது.

ஐப்பசி முடிவில் அந்தத் தொழிலாளி வேலையிலிருந்து நின்றார். இருபத்தொன்பது வருஷம் எட்டு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனதால் முப்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்று சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன். பீஸ் தொழிலாளிக்கு நின்ற நாளுக்கு முந்தைய மூன்று மாதக் கூலியின் சராசரிதான் கணக்கு, ஓவர்டைம் சேராது. கூலிப் பதிவைப் புரட்டினால் மூன்று மாதமும் ஓரம் வெட்டிய கூலி. பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கி முப்பதால் பெருக்கினேன். ஐயாயிரத்து நானூறு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

பாய் முகம் வெளுத்துவிட்டது. ஆடிட்டரைக் கேட்டோம். "சட்டம் சொல்றது குறைஞ்சபட்சம் சார். அதுக்கு மேல குடுக்கிறதை யாரும் தடுக்கல" என்றார். ஆனால் செக்கில் அண்ணன் தம்பி இருவர் கையெழுத்தும் வேண்டும்.

"இவருக்கு ஜாஸ்தி குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. சட்டப்படி குடுங்க" என்றார் தம்பி. பாய் இரண்டு நாள் மன்றாடினார். தம்பி அசையவில்லை. ஐயாயிரத்து நானூறுக்குத்தான் செக் எழுதினேன். ஒதுக்கீட்டில் மிஞ்சிய மூவாயிரத்து முன்னூறு, தேவையில்லாத ஒதுக்கீடு என்று லாபத்துக்கே திரும்பிப் போனது. அந்தப் பதிவை எழுதியபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

செக் வாங்க வந்தவரிடம் பாயே எல்லாவற்றையும் சொன்னார், தன் சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு. அவர் செக்கையும் பணத்தையும் பார்த்தார். வீங்கிய விரல்களை மடக்கி நீட்டினார்.

"மூணு மாசம்தானே பாய்," என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பல்லைக் கடிச்சிட்டு கத்தியே புடிச்சிருப்பேனே."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. ஐந்நூறையும் எடுத்துக்கொண்டுதான் போனார். மீதிப் பணம் கட்ட முடியாமல் மனை வேறு ஆளுக்குப் போய்விட்டதென்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதற்கப்புறம் நிற்கப்போகிற யாரையும் பாய் கத்தி வேலையிலிருந்து மாற்றவில்லை. ஒருவர் வீங்கிய கையோடு வந்து, "உக்கார்ற வேலை குடுங்க பாய்" என்று கெஞ்சினார். பாய் அவர் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் மூணு மாசம் பொறுத்துக்க" என்றார்.