விட்டுப்போன ஜூன் பதினாலு

அந்த வார இதழில் பதினோரு வருடமாகப் புதிர்ப் பக்கம் எழுதியவளுக்கு வாசகர்கள் வைத்த பெயர் புதிரக்கா. அலுவலகத்தில் அவளுடைய வேலை பிழை திருத்துவது. புதிர்ப் பக்கம் அவளாக ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது. அந்தப் பக்கத்தை யாரும் தொட்டதில்லை, தையல்காரி வரும்வரை.

தையல்காரி அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்தாள். அளவு எழுதும் சீட்டின் பின்பக்கத்தில் பிறந்தநாள் புதிர்களை எழுதி அனுப்புவாள். ஆசிரியருக்கு அவை பிடித்துப்போயின. ஒரு வாரம் புதிரக்கா, மறுவாரம் தையல்காரி என்று பிரித்துக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் தையல்காரிக்கு வரும் கடிதக் கட்டு பருத்தது, இவளுடையது மெலிந்தது. ஒரு கடிதம் தையல்காரியையே புதிரக்கா என்று அழைத்திருந்தது. அன்று இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்குக் கணவர். மனைவியின் புதிர் என்றால் பாதியில் கொட்டாவி விடுகிறவர், அச்சோடு ஒப்பிட இவள் பையில் வைத்திருந்த தையல்காரியின் புதுச் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதில் ஏழு தேதிகள்: மார்ச் 5, 17; ஜூன் 5, 8, 14; ஆகஸ்ட் 8, 14. ஒருத்தியின் பிறந்தநாள் இவற்றில் ஒன்று. அண்ணனுக்கு மாதம் மட்டும் தெரியும், தம்பிக்குத் தேதி மட்டும்.

"இங்க பாரு. 'எனக்குத் தெரியல'ன்னு தம்பி முதல்ல சொல்றான். பதினேழு ஒரே தடவதான் வருது. அவன்கிட்ட பதினேழு இருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். அதனால பதினேழு போச்சு. உடனே அண்ணன், 'இதுவரைக்கும் தெரியல, இப்ப தெரிஞ்சுபோச்சு'ங்கறான். ஜூன்ல மூணு மிச்சம், ஆகஸ்ட்ல ரெண்டு. மார்ச்ல மட்டுந்தான் ஒண்ணே ஒண்ணு. 'அப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு'ன்னு தம்பி முடிக்கிறான். மார்ச் அஞ்சு."

"தெரியுது, விடுங்க."

"கெட்டிக்காரிடி இவ."

பதினோரு வருடத்தில் ஒருநாளும் அவர் வாயிலிருந்து இவளுக்காக வராத வார்த்தை.

மறுநாள் அச்சுப்படி மேசைக்கு வந்தது. அச்சுக் கோத்தவர் ஜூன் 14-ஐ விட்டிருந்தார். ஆறு தேதிதான். இவள் கண்ணுக்கு அது தப்புமா? பேனா அந்த வரியில் நின்றது. பதினாலு இப்போது ஆகஸ்ட்டில் மட்டும் இருந்தது. தம்பி 'தெரியல' என்றதும் பதினேழோடு பதினாலும் போகும். மார்ச்சில் ஐந்து மட்டும் மிஞ்சும், ஆகஸ்ட்டில் எட்டு மட்டும் மிஞ்சும். இரண்டில் எதுவானாலும் அண்ணனும் தம்பியும் அதே பேச்சைப் பேசலாம். படிப்பவர்தான் நடுத்தெருவில் நிற்பார்.

கெட்டிக்காரி, என்று நினைத்தாள். பக்கத்துப் பத்தியில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

இதழ் வந்த நான்காம் நாள் கடிதங்கள் குவிந்தன. பாதிப்பேர் மார்ச் 5, பாதிப்பேர் ஆகஸ்ட் 8. 'புதிர் போடத் தெரியாதவருக்கு எதற்குப் பக்கம்' என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை இவள் இரண்டு தடவை படித்தாள். இனித்தது.

ஆசிரியர் தையல்காரியை வரச்சொன்னார். அவள் தோளில் அளவு நாடா தொங்க அப்படியே வந்து நின்றாள்.

"நான்தான் சார் ஒரு தேதிய எழுத மறந்திருப்பேன். நகல் வச்சுக்கல. தைக்க உக்காந்தாலும் அந்த தேதிங்கதான் கண்ணு முன்னாடி ஓடுது. காலர வெட்டறதுக்குப் பதிலா சட்டைக் கைய வெட்டிட்டேன்." பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "உங்க பக்கத்துக்கே கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்க்கா. இனிமே நான் எழுதல."

இதைத்தானே வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் வேண்டியது கைக்கு வந்ததும் பிடிக்க முடியவில்லை. தன் மேசை இழுப்பறையைத் திறந்து அளவுச் சீட்டை எடுத்து ஆசிரியர் முன் வைத்தாள்.

"அவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. அச்சுல விட்டுப்போச்சு."

"நீங்க கவனிக்கலயா?"

கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் தோண்டப்போவதில்லை.

"கவனிச்சேன் சார். கவனிச்சுத்தான் விட்டேன்."

தையல்காரி சீட்டை எடுத்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று ஆசிரியரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த இதழில் திருத்தம் வந்தது. பக்கம் முழுக்கத் தையல்காரிக்குப் போனது. பிழை பார்க்கும் வேலையை மட்டும் ஆசிரியர் இவளுக்கு விட்டுவைத்தார். அன்று மாலை கணவரிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "பதினோரு வருஷம் போட்டவளுக்கு இது எதுக்குடி" என்றார். கெட்டிக்காரி என்ற சொல் அன்றும் வரவில்லை.

இப்போதும் வாரந்தோறும் தையல்காரியின் புதிர் அவள் மேசைக்கு வருகிறது. தேதிகளைச் சீட்டோடு விரல் வைத்து எண்ணுகிறாள். பிறகு எங்காவது இரண்டாவது விடை ஒளிந்திருக்கிறதா என்று அரைமணி நேரம் தேடுகிறாள். இருப்பதில்லை. வயிறு எரிகிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறாள்.