அக்காவுக்குப் போட்ட மூன்று வருடம்

தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கொட்டேஷனம்மா என்றால்தான் தெரியும். ஒரு நூல் ஆலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவள். மூன்று இடத்தில் விலை கேட்காமல் ஆலைக்கு ஒரு பென்சில்கூட வாங்கியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. ஒருமுறை பல் பிடுங்க மூன்று டாக்டர்களிடம் விலை வாங்கி, ஒப்பிட்டு, யோசித்து முடிப்பதற்குள் பல் தானாகவே விழுந்துவிட்டது. அதைத் தன் சாமர்த்தியம் என்றே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு எட்டு வயது மூத்தவள் அக்கா. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தங்கையின் கணவர் போன பிறகு இருவரும் மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரு வாடகை வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். பதினாறு வருடம் சண்டையும் சமாதானமுமாக ஓடியது. பிறகு ஒரு காலை அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று, நடப்பதற்கு வாக்கர் வந்தது. ஆனால் கட்டிலிலிருந்து எழுப்ப ஓர் ஆள் வேண்டும். எழுப்பப் போன தங்கைக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"என்னை ஒரு முதியோர் இல்லத்துல சேத்துடுடீ. நான் நாப்பது வருஷம் ஆளைத் தூக்கினவ. யாரால யாரைத் தூக்க முடியும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா.

கொட்டேஷனம்மாளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் அவள் செய்வது ஒன்றுதான். பெரிய தாள் ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டாள். அறை வகை, மாதக் கட்டணம், மருத்துவ உதவி, சாப்பாடு, டெபாசிட், திரும்பக் கிடைப்பது எவ்வளவு, எத்தனை நாளில் என்று வரிசையாகத் தலைப்பு எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சொல்லிவிட்டுப் போனால் சாப்பாடு ருசியாகத்தான் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆலையில் மாதிரிக்கு வரும் சரக்கையும் அப்புறம் லாரியில் வரும் சரக்கையும் பார்த்துப் பார்த்துப் புளித்தவள். அதனால் ஒவ்வோர் இல்லத்திலும் முன்னறிவிப்பு இல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றாள். பளபளவென்று விளம்பரம் அடித்திருந்த ஓர் இல்லத்தில் மாதம் பதினெட்டாயிரம் என்றார்கள். உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டதில், குளிப்பாட்டத் தனிக் கட்டணம், அறைக்குச் சாப்பாடு கொண்டுவரத் தனிக் கட்டணம், சர்க்கரை நோயாளிச் சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணம்.

"இருபத்து நாலு மணி நேர மருத்துவ வசதின்னு போட்டிருக்கீங்களே, ராத்திரி யாரு இருப்பாங்க?"

"டாக்டர் நம்பர் சுவத்துல ஒட்டியிருக்கும்மா."

அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டாள்.

கடைசியில் இரண்டு இல்லங்கள் மிஞ்சின. ஒன்று பெரிய மாடிக் கட்டடம். தனி அறைக்கு, எழுப்பி உட்காரவைக்கும் உதவியும் சேர்த்து, மாதம் இருபத்தைந்தாயிரம். இரவிலும் மாடிக்கு ஒரு நர்ஸ், வாசலில் ஆம்புலன்ஸ். டெபாசிட் ஆறு லட்சம். எப்போது காலி செய்தாலும் அதில் கால் பங்கைப் பிடித்துக்கொண்டு, மிச்சம் நாலரை லட்சத்தை அறுபது நாளில் தருவார்கள். மற்றது தெருமுனையில் ஒரு சின்ன வீடு. எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டாயிரம். நர்ஸ் பகலில் மட்டும், இரவில் ஓர் ஆயா. டெபாசிட் வெறும் அறுபதாயிரம், அது முழுசாகத் திரும்பும்.

கொள்முதல்காரிக்குக் கணக்கு கைவந்த கலை. முடங்கிக் கிடக்கும் டெபாசிட்டுக்கு வங்கி வட்டி ஏழு சதவீதம் நட்டம் என்று வைத்து அதை மாதக் கட்டணத்தோடு சேர்த்தாள். பெரிய இல்லம் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு, சின்ன இல்லம் முப்பத்திரண்டாயிரத்து முந்நூற்றைம்பது. அதுவரை சரி. பெரிய இல்லம் பிடித்துக்கொள்ளும் ஒன்றரை லட்சத்தையும் மாதத்துக்குப் பங்கு போட வேண்டுமே? எத்தனை மாதத்துக்கு? அங்கேதான் பேனா நின்றது. அக்கா நீண்ட காலம் இருந்தால் பெரிய இல்லம் மலிவு. சீக்கிரம் போய்விட்டால் சின்ன இல்லம் மலிவு. கட்டத்தில் இன்னொரு தலைப்பு தேவைப்பட்டது. 'காலம்' என்று எழுதினாள்.

கொட்டேஷனம்மாள் எண் இல்லாத கட்டத்தைச் சகித்துக்கொள்கிறவள் இல்லை. நேராக அக்காவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனாள்.

"அக்கா நல்லா தேறி வராங்க. கவலையே படாதீங்க" என்றார் டாக்டர்.

"சந்தோஷம் டாக்டர். அதை எண்ணுல சொல்லுங்க."

"எண்ணுலன்னா?"

"எத்தனை வருஷம்? தோராயமா போதும். கையெழுத்தெல்லாம் வேண்டாம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்து, அக்காவுக்கில்லை, இவள் கையில் சுற்றினார். நூற்று எழுபது இருந்தது. ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் டெபாசிட் விதிகளை எழுத்தில் வாங்கிவரப் பெரிய இல்லத்துக்குப் போனாள். அலுவலக அறையில் அவளுக்கு முன்னால் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே அசல் ரசீது, அடையாள அட்டை நகல், இறப்புச் சான்றிதழ். மேனேஜர் தன்மையானவர்தான், மெதுவாகத்தான் பேசினார். "இங்க ஒரு கையெழுத்து சார். அம்மாவோட டெபாசிட், பிடித்தம் போக மிச்சம் இது. சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கங்க" என்றார். அந்த மனிதர் காசோலையைக் கையில் வாங்கி, அதில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியாமல், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கொட்டேஷனம்மாள் வந்த வேலையை மறந்து எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து 'காலம்' என்ற கட்டத்தில் பென்சிலால் மூன்று வருடம் என்று போட்டாள். மூன்று வருடம் போட்டால் சின்ன இல்லம் மாதத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் மலிவு. நாலு போட்டால் பெரிய இல்லம் ஜெயித்துவிடும். முப்பத்தொரு வருட சர்வீஸில் அவள் செய்த முதல் தில்லுமுல்லு அது. தாளை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

அங்கேதான் கோட்டை விட்டாள். அக்கா நாற்பது வருடம் வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் தொங்கும் தாளை எடுத்துப் படித்தவள். எந்தத் தாளைப் பார்த்தாலும் அவள் கை சும்மா இருக்காது. தங்கை திரும்பி வந்தபோது அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு மூணு வருஷமா?"

கொட்டேஷனம்மாள் தாளை வாங்கக் கை நீட்டினாள்.

"அது ஒரு கணக்குக்குத்தான், அக்கா..."

"என் நாடியப் பிடிச்சுப் பாத்தியா? என் சுகர் என்னன்னு உனக்குத் தெரியுமா? எத்தனை டாக்டருங்க நாள் குறிச்ச ஆளுங்களை நான் நடக்க வெச்சு வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். நீ பஞ்சு வாங்கினவ, எனக்கு நாள் குறிக்கிறியா?"

"கத்தாதே, அக்கா. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும். நாலு போட்டா பெரிய இல்லம் வருது. அங்க ராத்திரி நர்ஸ் இருக்கா. சின்னதுல ஆயாதான். ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு மூச்சு முட்டினா ஆயா என்னடீ பண்ணுவா, விசிறுவாளா? அது என் காசு. என் காசுல எனக்கு நர்ஸ் கூடாதா? அவ்வளவு கசக்குதா உனக்கு?"

கடைசிக் கேள்வியில் அக்காவின் குரல் உடைந்தது. கோபத்தை எப்படியும் சமாளித்துவிடுவாள் கொட்டேஷனம்மாள். உடைந்த குரலைச் சமாளிக்கத் தெரியாது. பூசி மெழுகப் பார்த்தாள், முடியவில்லை. மருந்துப் பையை அப்படியே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"காசு இல்ல, அக்கா. அந்த டெபாசிட்டு... ரசீதை எடுத்துட்டு ஒருநாள் நான் போய் நிக்கணும். கையெழுத்துப் போட்டு வாங்கணும். சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லுவாங்க. நாலரை லட்சம். நீ போனதுக்கு அவங்க குடுக்கற காசு மாதிரி இருக்கும். என்னால முடியாது. அறுபதாயிரம்னா வேண்டாம்னு விட்டுட்டு வந்துடலாம்னு நெனச்சேன்."

அக்கா தாளை மடித்து மடியில் வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"விலைப்புள்ளி வாங்கி வாங்கி மூளை மழுங்கிப் போச்சு உனக்கு. அந்தத் தாள்ல ஒரு தரப்பை விட்டுட்ட பாத்தியா? உன்னை எங்கடீ எழுதியிருக்க?"

"நான் நல்லாத்தானே இருக்கேன்."

"நூத்தி எழுபது பிரஷரு, பிடிச்ச முதுகு, மூணு மாடி. ரொம்ப நல்லா இருக்க. பெரிய இல்லத்துல ரெண்டு பேர் அறைக்கு எவ்வளவு? போன் போட்டுக் கேளு. டெபாசிட்டை ரெண்டு பேர் பேர்லயும் போட்டா, ஒருத்தி போனா என்ன ஆகும்னும் கேளு."

கேட்டாள். ஆளுக்குப் பதினெட்டாயிரம், அக்காவின் உதவிக்கு மட்டும் மூவாயிரம் கூடுதல். அறைக்கு ஒரே டெபாசிட், எட்டு லட்சம். ஒருத்தர் போனால் யாருக்கும் எதுவும் திருப்பித் தரமாட்டார்கள் என்று மேனேஜர் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். மற்றவர் பெயரில் அது அப்படியே தொடரும். அவர் விரும்பினால் தனி அறைக்கு மாறிக்கொள்ளலாம். கடைசியாகக் காலி செய்யும்போதுதான் பிடித்தமும் பாக்கியும்.

"தரமாட்டாங்களாம், அக்கா" என்றாள் கொட்டேஷனம்மாள். வாழ்நாளில் பணம் திரும்பி வராது என்று கேட்டு அவள் முகம் மலர்ந்ததை அக்கா அப்போதுதான் பார்த்தாள்.

"அவ்வளவுதான். நம்ம ரெண்டு பேர்ல யாரும் அங்க போய்க் கை நீட்ட வேண்டாம். அப்புறம் நம்ம அண்ணன் பையன் வந்து வாங்கிக்கட்டும். காசு வாங்கறதுல அவனுக்கு என்னைக்குக் கூச்சம் இருந்திருக்கு?"

தங்கை புதிய தாள் எடுத்தாள். வீட்டு வாடகை, சமையல்காரிக்குக் கொடுப்பது, கரண்ட் பில் எல்லாவற்றையும் எழுதி, கூடுதல் டெபாசிட்டின் வட்டியையும் கழித்துப் பார்த்தாள். அக்கா தனியாக அங்கேயும் இவள் தனியாக இங்கேயும் இருப்பதைவிட மாதம் ஆயிரத்து எண்ணூறு மிச்சம். பழைய கெத்து கொஞ்சம் திரும்பியது. பிறகு பேனா அதே கட்டத்துக்கு வந்து நின்றது.

"காலம் எவ்வளவு போடட்டும்?"

"உனக்கு எவ்வளவோ அவ்வளவே எனக்கும் போடு. எட்டு வருஷம் முன்னாடி வந்தேங்கறதுக்காக எட்டு வருஷம் முன்னாடி போகணும்னு ரூல் ஏதும் இருக்கா?"

தங்கை யோசிக்காமல் பதினைந்து என்று எழுதினாள்.

"பதினஞ்சா!" அக்கா அலறினாள். "தொண்ணூத்திரண்டு வயசு வரைக்கும் உன்னோட ஒரே அறையிலயா? எட்டு போடு."

"பதினாலு."

"பத்து. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

"பதிமூணு, அக்கா. கடைசி."

பன்னிரண்டில் முடிந்தது. பேரம் பேசி ஓர் எண்ணைக் கூட்டி வாங்கியது கொட்டேஷனம்மாளின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பென்சிலை வைத்துவிட்டு, பேனாவால் எழுதினாள்.