நூகராஜுவின் கண்ணுக்குக் காலியாகத் தெரிந்த கார்டு

அனகாபள்ளி வெல்லச் சந்தைக்குப் பின் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த நூகராஜுவுக்கு உலகத்தில் ஒரே ஒரு போட்டோக்காரனைத்தான் பிடிக்கும். அவன் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் தெரிவான். மற்றவர்கள் எடுத்த படத்தைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் மேல?" என்று கேட்பார். அப்பன் ஜகந்நாயகுலுவும் அப்படித்தான். சமையல்காரர் அவர், ஊரில் யார் வீட்டுச் சாம்பாரையும் வாயில் வைக்குமுன்னே முகத்தைச் சுளித்துவிடுவார். நாக்கில் இருந்தது மகனுக்குக் கண்ணுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த மனிதருக்கு எதிர்வரிசையிலேயே கடை போட்டான் தாதாஜி. வேறு யாரோ என்றால் பொறுத்திருப்பார். இவனோ நூகராஜுவின் மனைவி லோவம்மாவுக்கு உடன்பிறந்த தம்பி. அக்கா புருஷனான பாவா, பெண்டாட்டியின் தம்பியான மச்சான் என்று கேலி பேசிக்கொள்வதற்கென்றே அந்தப் பக்கத்தில் உறவை வைத்திருக்கிறார்கள். இவர்கள் இருவரும் அதைத் தொழிலாகவே செய்தார்கள். தாதாஜி புதுக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், "என்ன பாவா, உங்க பெட்டி இன்னும் உயிரோட இருக்கா?" என்பான். "உன் அக்கா என்னைக் கட்டின வருஷத்துலயே வாங்கினது. ரெண்டும் இன்னும் வேலை செய்யுது" என்பார் இவர். லோவம்மா உள்ளேயிருந்து ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள்.

நூகராஜுவின் தங்கை பைடிதல்லி புருஷனை இழந்து ஒற்றைப் பெண்ணை வளர்த்தவள். அந்தப் பெண் மௌனிகாவுக்குக் கல்யாணம் வந்தது. போட்டோ அண்ணன்தான் எடுக்க வேண்டும் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பக்கத்து வழக்கப்படி மணப்பெண்ணைத் தாய்மாமன் மூங்கில் கூடையில் உட்காரவைத்து மேடைக்குத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். கூடையைத் தூக்குகிறவன் கேமராவை எதில் பிடிப்பான்? சீரகம்‑வெல்லம் விழுதை மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் வைக்கும்போதும் அவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். வேறு வழியில்லாமல், முகூர்த்தப் படம் மட்டும் எடுக்கச் சொல்லித் தாதாஜியைக் கூப்பிட்டார். "ஆல்பம் என் கடையில்தான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

தாதாஜி வந்தவன், ஒரு சின்னச் சதுரத்தை இரண்டு விரலில் பிடித்துக் காட்டினான். "நூற்று இருபத்தெட்டு ஜிபி பாவா. கல்யாணம் பூரா ஒரே கார்டுல அடங்கிரும். நீங்க பீடி டப்பாவுல போட்டு வச்சிருக்கீங்களே, அந்த மாதிரி பத்துக் கார்டை மாத்தி மாத்திப் போட வேண்டியதில்ல."

"மாத்தி மாத்திப் போட்டா கை பழகும். உனக்குக் கை எங்க?" என்றார் நூகராஜு.

கல்யாணம் முடிந்த மறுநாள், தாதாஜி அந்தக் கார்டை அப்படியே கொண்டுவந்து பாவாவின் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வோம் என்ற நினைப்பு அவன் வம்சத்திலேயே கிடையாது. மகன் பிறந்ததற்கே மாமனார் வீட்டில் போய்ச் சொல்ல மறந்தவன். ஆனால் ஒரு நல்ல பழக்கம் யாரோ அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். படம் எடுத்து முடித்ததும் கார்டின் ஓரத்தில் இருக்கும் குட்டிப் பூட்டை நகத்தால் கீழே தள்ளிவிடுவான். அப்புறம் அதில் யாரும் எதையும் எழுதவும் அழிக்கவும் முடியாது.

பைடிதல்லி அன்று மத்தியானமே வந்து உட்கார்ந்துவிட்டாள். பெண் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருந்தது. "படத்தையாவது பாப்போம் அண்ணய்யா" என்றாள்.

நூகராஜு முதலில் தன் பழைய கேமராவில் கார்டைச் சொருகினார். இந்தக் கார்டைப் பயன்படுத்த முடியாது என்று திரையில் வந்தது. "பாத்தியா, கேமராவே காறித் துப்புது" என்றார். அப்புறம் கம்ப்யூட்டரில் தொங்கிய கார்டு ரீடரில் போட்டார். அந்தக் கம்ப்யூட்டரும் கேமராவுக்கு அண்ணன் வயது. கொஞ்ச நேரம் முனகிவிட்டு ஒரு கட்டத்தைக் காட்டியது: டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா?

"முடிஞ்சுது" என்றார் நூகராஜு. குரலில் வருத்தம் இருந்திருக்க வேண்டும், திருப்திதான் இருந்தது. "ஒண்ணுமே இல்ல. புதுக் கார்டு, கடையில வாங்கின மேனிக்கு இருக்கு. உன் பொண்ணு கல்யாணத்துல இவன் ஃபிளாஷ் மட்டும் அடிச்சிட்டு நல்லாச் சாப்பிட்டுட்டுப் போயிருக்கான்."

பைடிதல்லிக்கு முகம் செத்துவிட்டது. "வேற யாரும் எடுக்கலையே அண்ணய்யா. கூடையில வந்தது, தாலி கட்டுனது, எல்லாம் அதுலதானே?"

"அதுலதான் இல்லன்னு சொல்றேன்" என்று வாசலுக்குப் போய் எதிர்க்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய் தாதாஜி, வந்து உன் வெறுங்கார்டை எடுத்துட்டுப் போ."

தாதாஜி தெருவைத் தாண்டி வருவதற்குள் உள்ளே திரும்பியவர், அது வெறும் கார்டுதான் என்பதைத் தங்கைக்கு நிரூபிப்பதற்காக ஃபார்மட்டை அழுத்தினார். எல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது. அழிய என்ன இருக்கிறது என்று அதையும் அழுத்தினார். பூட்டியிருக்கிறது, செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது மிஷின்.

"பூட்டா?" கார்டை உருவி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஓரத்துப் பூட்டு தெரிந்தது. நகத்தை அதன் மேல் வைத்தார்.

"பாவா, நகத்தை எடுங்க" என்று வாசலிலேயே நின்றுவிட்டான் தாதாஜி. "உங்க மிஷினுக்கு அதைப் படிக்கத் தெரியாது. உள்ள படம் இருக்கு."

"படிக்கத் தெரியாதா? முப்பத்திரண்டு ஜிபி கார்டு எத்தனை படிச்சிருக்கு தெரியுமா?"

"அதோட நிறுத்திக்கிட்டுதுன்னு சொல்றேன். அதுக்கு மேல போற கார்டுல எழுதுற முறையே வேற, எக்ஸ்ஃபேட்டுனு பேரு. உங்க பழைய பெட்டிகளுக்கு அது தெரியாது. தெரியாததுனால காலின்னு சொல்லுது."

"தப்பிக்கப் பேரு கண்டுபிடிச்சிட்டான். காலிதான்னு இப்பவே பூட்டைத் திறந்து காட்டுறேன், பாரு." நகம் அசைந்தது.

அவ்வளவு நேரமும் அழுதுகொண்டிருந்த பைடிதல்லி எழுந்து அண்ணன் கையிலிருந்து கார்டைப் பிடுங்கினாள். வாழ்நாளில் அவள் அண்ணனிடமிருந்து எதையும் பிடுங்கியதில்லை. அப்பா செத்தபின் வீட்டுப் பங்கைக்கூட அவராகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டவள். "படிக்கத் தெரியாததையெல்லாம் வெறுந்தாள்னு கிழிச்சுப் போடுற மிஷினை நம்பி என் பொண்ணு கல்யாணத்தைக் கொடுக்கச் சொல்றியா?" என்றாள். "மிஷினுக்குத்தான் தெரியல, சரி. உனக்கு என்ன அண்ணய்யா?"

தாதாஜி தன் கேமராவில் அதைப் போட்டான். முதல் படமே கூடை. மௌனிகா தலைகுனிந்து சிரிக்கிறாள். கூடையின் ஒருபக்கம் தாய்மாமன். வேட்டி முட்டி வரை ஏறிக் கிடக்க, கழுத்து நரம்பு புடைக்க, பெண்ணைப் பார்க்காமல் நேராகக் கேமராவைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருக்கிறார்.

"இதுல என்ன சொல்லிட்டிருந்தீங்க பாவா?"

"வெளிச்சத்துக்கு எதிரா நிக்காதேன்னு சொன்னேன்" என்றார் நூகராஜு. திரையைத் திரும்பிப் பார்க்காமல்.

தாதாஜி தன் புது லேப்டாப்பில் படங்களை இறக்கி, நாலு சின்னக் கார்டுகளில் பிரித்துப் பழைய மிஷினுக்குப் புரியும்படி கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும்போது ஒரு கேலிகூடச் செய்யவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஆல்பம் அவர் கடையில்தான் ஆனது. கூடைப் படத்தைக் கடைசிப் பக்க மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு ஒட்டினார். பைடிதல்லி எதிர்க்கடைக்குப் போய் அதையே சுவர் அளவுக்குப் பெரிதாக்கித் தன் வீட்டில் மாட்டிக்கொண்டாள்.

நூகராஜு தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் அதற்கு நேரெதிரேதான் நாற்காலியைப் போடுவாள். பெசரட்டுத் தோசையைப் பிய்த்துக்கொண்டே அவர் ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பார்.

"சாய்ச்சு எடுத்திருக்கான்" என்பார்.