ஓடினால்தான் மிச்சம்

தாழ்வுபாட்டு எமிலியானுஸிடம் அரசாங்கக் கந்தோர்க்காரர் யாராவது கணக்குக் கேட்டால் இரண்டால் பெருக்கித்தான் சொல்வார். அதைப் பொய் என்று அவர் நினைத்ததில்லை. போர் முடிந்து இந்திய முகாமிலிருந்து குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பிய காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. இழந்த வலைகளைப் பதிய வந்தவர்களிடம் மூன்று என்று உண்மையைச் சொன்னார்; ஒன்றுதான் கிடைத்தது. ஆறு என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று கிடைத்தது.

“அவங்கள் எதையும் பாதியா வெட்டுவாங்கள். வெட்டினதுக்குப் பிறகு மிஞ்சிறதுதான் உண்மை,” என்று மனைவி கலாராணிக்கு விளக்கம் சொன்னார்.

வெட்டாத ஒருவனை அவர் சந்தித்தது ஐம்பத்திரண்டாவது வயதில், மன்னார் பட்டினத்தில் மின் ஸ்கூட்டர் விற்கும் கடையொன்றில்.

அப்போது அவர் மோட்டார் சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். காலையில் தாழ்வுபாட்டுக் கரையில் மீன் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டி, பட்டினத்துத் தெருக்களையும் பக்கத்துக் கீரி ஊரையும் சுற்றி விற்றுவிட்டு மத்தியானத்துக்குள் வீடு வந்துவிடுவார். முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடாது. ஆனால் பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்று, பெட்டியோடு மீன் நாறிப்போனதை அவர் மறக்கவில்லை. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் ஒரு லீற்றர் முந்நூறு ரூபாய்க்குக் குறைவதாக இல்லை. நிரப்புநிலையத்தைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

கடையில் கடன் அலுவலைப் பார்த்தவன் நிரூபன் என்ற பொடியன். பெரிய மரியாதைக்காரன். கதிரை போட்டு உட்காரவைத்து, கல்குலேற்றரை எடுத்தான்.

“ஐயா ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுவீங்கள்?”

“அறுபது,” என்றார் எமிலியானுஸ். கூட வந்திருந்த கலாராணி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

நிரூபன் வெட்டவில்லை. அப்படியே தட்டினான். “அறுபது கிலோமீற்றருக்கு ஒன்றேகால் லீற்றருக்கு மேல பெற்றோல். நானூறு ரூபாய். முப்பது நாளைக்குப் பன்னிரண்டாயிரம். ஸ்கூட்டர் நாலு லட்சம். நீங்கள் ஒரு லட்சம் கட்டினால் மிச்சம் மூன்று லட்சத்துக்கு முப்பத்தாறு மாதம், தவணை பதினோராயிரத்துச் சொச்சம். பெற்றோல் காசே தவணையைக் கட்டிப்போடும் ஐயா. மேலதிகமா எண்ணூறு ரூபாய் உங்கட பொக்கற்றில.”

எமிலியானுஸுக்குப் புல்லரித்தது. தன்னுடைய அறுபது அந்தக் கல்குலேற்றரில் இவ்வளவு அழகான கணக்காகப் பூக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முப்பது நாளும் ஓடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், கச்சான் காற்று அடித்தால் வள்ளமே இறங்காது என்பதெல்லாம் அந்த நேரம் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. சார்ஜ் ஏற்றும் மின்சாரத்துக்கும் காசு என்பதை நிரூபனும் சொல்லவில்லை.

பழைய மோட்டார் சைக்கிளை விற்ற காசோடு கலாராணியின் சீட்டுக்காசையும் சேர்த்து ஒரு லட்சம் கட்டினார்கள். பிணைக்கு அவளும் கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது. பேனையைக் கீழே வைத்துவிட்டு அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

“பெற்றோல் காசு தவணையைக் கட்டுமெண்டுதானே சொல்லுறியள்? அப்ப நாளாந்தம் பெற்றோலுக்கு விடுற காசை என்ர பால்மா டின்னுக்குள்ள போடுங்கோ. தவணை அதிலயிருந்து மட்டும்தான். மீன் காசில கை வைக்கக் கூடாது.”

“ஓம், ஓம். வேணுமெண்டா அந்த எண்ணூறில உமக்கொரு சட்டை வாங்கித் தாறன்,” என்றார் அவர்.

முதல் மாத முடிவில் டின்னைக் கவிழ்த்தபோது நாலாயிரத்துச் சொச்சம்தான் விழுந்தது. தாழ்வுபாடு, பட்டினம், கீரி. அவ்வளவு ஓட்டத்துக்கு முன்பு விட்ட பெற்றோல் அவ்வளவுதான்.

கலாராணி டின்னை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். அது ஆடும் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு இரவு யோசித்துவிட்டு எமிலியானுஸ் வழி கண்டுபிடித்தார். குறை கணக்கில் இல்லை, ஓட்டத்தில்தான். அறுபது என்று சொன்னோம், அறுபது ஓடவேண்டியதுதான். மறுநாளே மன்னார்த் தீவிலிருந்து பாலம் கடந்து பெருநிலத்துக்குப் போனார். உயிலங்குளம் பக்கத்து வயல் ஊர்களில் கடல்மீனுக்கு நல்ல விலை. பின்னேரம் திரும்பி வந்து டின்னுக்குள் நானூறு ரூபாயை ஒரு சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது போல உயர்த்திப் பிடித்துப் போட்டார்.

“நீங்கள் முந்தி உயிலங்குளத்துக்குப் போனனீங்களோ?” என்று கேட்டாள் கலாராணி.

“இல்லை.”

“போகாத ஊருக்கு விடாத பெற்றோல் எப்பிடி மிச்சமாகும்? அப்பிடிப் பாத்தா நான் கொழும்புக்குப் போகாமலிருந்து மாசம் ஒரு லட்சம் மிச்சம் பிடிக்கிறன்.”

எமிலியானுஸ் சிரித்தார். “உமக்கு விளங்காது. இது ஓட ஓடத்தான் மிச்சம்.”

ஊர் முழுக்க அதையே சொல்லித் திரிந்தார். பெற்றோல் அடிக்கப் போகும் இளந்தாரிகளை மறித்து, “எரிக்கிறியளே தம்பி, எரிக்கிறியளே,” என்று இரக்கப்பட்டார். கரண்ட் பில் வந்தபோது மட்டும் கொஞ்சம் அடங்கினார். மாதம் ஐம்பது யூனிற் அளவில் கூடியிருந்தது. கூடின யூனிற்றுக்கு மட்டுமல்ல, பில் மேல்படிக்கு ஏறியதால் பழைய யூனிற்றுகளுக்கும் விலை கூடியிருந்தது. அதையும் டின்னிலிருந்தே எடுத்தாள் கலாராணி. தவணைக்கு விழுந்த துண்டை இரவில் களவாக மீன் காசிலிருந்து எடுத்துப் போட்டார் எமிலியானுஸ். அவளுக்குத் தெரியும். டின்னில் மீன் மணத்தது.

இப்படி ஒரு வருடம் தாண்டியது. அதற்குப் பிறகு ஸ்கூட்டர் மெல்ல மெல்லக் களைத்தது. முழுச் சார்ஜில் அறுபது ஓடியது ஐம்பதானது, நாற்பதானது. ஒருநாள் உயிலங்குளத்தில் நின்றுவிட, தெரிந்த வயல்காரர் இரத்தினத்தின் வீட்டில் செருகி இரண்டு மணித்தியாலம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, பதிலுக்கு இரண்டு விளைமீன் கொடுத்தார். அடுத்த நாளும் அதே. மாதக்கடைசியில் இரத்தினத்தின் மனைவி கனகம்மா வாசல் படலையடியிலேயே மறித்து நின்றாள்.

“அண்ணை, இனி மீன் வேண்டாம். உங்கட விளைமீன் எங்கட பில்லில துள்ளுது.”

அவர் பட்டினத்தில் மின்பொருள் திருத்துகிற, தன்னை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் சனூனிடம் ஸ்கூட்டரைக் கொண்டுபோனார். சனூன் இருக்கையைத் திறந்து, உள்ளே கிடந்த ஆறு ஈயப் பற்றறிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“காக்கா, இரண்டு மோசம். மற்ற நாலும் களைச்சிட்டுது.”

“அப்ப அந்த ரெண்டை மட்டும் மாத்தும்.”

“மாத்தலாம். பழசோட கிடந்து புதுசும் கெதியாப் பழுதாகும். ஆறையும் மாத்தினாத்தான் சரி. லட்சத்துக்குக் கிட்ட வரும்.”

“உத்தரவாதம் இருக்கே!”

“ஒரு வருசம்தானே. அது முடிஞ்சு மூணு மாசமாச்சு. இது லிதியமில்லை காக்கா, ஈயம். ஒவ்வொரு நாளும் அடிவரைக்கும் இறக்கி ஏத்தினா இவ்வளவுதான் தாங்கும். அரைவாசி அரைவாசியா ஓடியிருந்தீங்கண்டா இன்னும் கனநாள் இருக்கும். ஏன் இப்பிடி ஓடினீங்க?”

எமிலியானுஸ் இருக்கையை மூடினார். மிச்சம் பிடிக்கத்தான் ஓடினேன் என்று எப்படிச் சொல்வது? தவணை இன்னும் இருபத்தொன்று இருந்தது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு இரவு மின்சாரம் நின்றுநின்று வந்தது. காலையில் சார்ஜ் பாதிகூட இல்லை. பெட்டியில் பாரையும் விளைமீனும் நிறைந்திருந்தன. அவர் துணிந்து இறங்கினார். கடற்காற்று பக்கவாட்டில் அறைந்தது. பட்டினம் தாண்டிப் பாலத்து வீதியின் நடுவில், இரண்டு பக்கமும் கடல் பளபளக்க, ஸ்கூட்டர் ஒரு பெருமூச்சுக்கூட விடாமல் நின்றுவிட்டது.

தள்ளிப் பார்த்தார். பெட்டியின் பாரத்தில் அது அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் உருகிச் சொட்டத் தொடங்கியது. அப்போது பட்டினப் பக்கமிருந்து வந்த வான் ஒன்று வேகம் குறைத்தது. வவுனியாவுக்குத் திரும்பும் ஆட்கள்.

“என்ன ஐயா, பழுதோ?” என்று சாரதி கேட்டான்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “பழுதோ? மீன் விக்கிறன் தம்பி!” என்றார் எமிலியானுஸ், பெட்டியைத் திறந்துகொண்டே. “மன்னார் விளைமீன். விடியக் கரைக்கு வந்தது. இந்தா, துடிப்பு இன்னும் அடங்கேல்ல.”

வானில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் கிடந்த கடலைப் பார்த்தார்கள், மீனைப் பார்த்தார்கள், அவர் அங்கேயே பிடித்ததாக நினைத்துக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. வான் நின்றதைக் கண்டு பின்னால் வந்த காரும் நின்றது. கார் நின்றதைக் கண்டு எதிர்ப்பக்கமிருந்து வந்த லொறியும். பத்துமணிக்குள் பெட்டியில் ஐஸ் தண்ணீர் மட்டும்தான் மிச்சம். வழக்கமான விலையைவிட அதிகம் வேறு கிடைத்திருந்தது. வெறும் பெட்டியோடு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பட்டினத்துக்கு நடந்து வந்தார்.

ஆனால் அந்த லொறியில் தாழ்வுபாட்டு ஆள் ஒருவர் இருந்தார். எமிலியானுஸ் வீட்டுக்கு வரும்போது கதை முன்னமே வந்து சேர்ந்திருந்தது.

“பாலத்தில கடை போட்டியளாம்,” என்றாள் கலாராணி.

அவர் கதிரையில் சாய்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சனூன் சொன்னது, லட்ச ரூபாய், களவாகப் போட்ட மீன் காசு. முதல் தடவையாக எந்த எண்ணையும் பெருக்காமல் சொன்னார். அவள் ஏசுவாள் என்று காத்திருந்தார். அவள் சிரிக்கத் தொடங்கினாள். வாயை முந்தானையால் பொத்தியும் நிற்கவில்லை.

“சிரிக்கிறீரோ?”

“பின்னே? உயிலங்குளம் வரைக்கும் ஓடி ஓடி வித்ததை நிண்டு வித்துப்போட்டு வந்திருக்கிறியள்.”

மறுநாள் அவளும் வந்தாள், கத்தியும் பலகையும் எடுத்துக்கொண்டு. நடுப்பாலத்தில் வாகனத்தை மறித்தால் பொலிஸ் விடாது என்று, பட்டினத்துப் பக்கம் பாலம் தொடங்குமிடத்தில் ஓரமாகக் குடை கட்டினார்கள். அவர் நிறுப்பார், அவள் வெட்டிச் சுத்தம்செய்து கொடுப்பாள். வெட்டிக் கொடுக்கும் மீனுக்கு வவுனியாக்காரர் கூடுதலாகக் காசு தரத் தயங்கவில்லை. வீட்டிலிருந்து அங்கே போய் வரப் பதினைந்து கிலோமீற்றர்கூட இல்லை. களைத்த பற்றறிகளுக்கு அது போதும்.

டின்னை அவள் எறியவில்லை. தவணை மீன் காசிலிருந்து நேரே போனது. டின்னுக்குள் பற்றறிக்கென்று மாதாமாதம் ஒரு தொகை போட்டாள். பற்றறிகள் மேலும் ஒரு வருடம் இழுத்துப்பறித்துக்கொண்டு ஓடின. கடைசியில் முற்றாகச் செத்தபோது, பழைய ஆறையும் ஈயத்துக்கு எடைபோட்டுக் கழித்து, சனூனிடம் புதிதாக ஆறும் டின்னிலிருந்த காசைக் கொடுத்தே வாங்கினார்கள். பற்றறிக்கும் லோன் தருகிறோம் என்று நிரூபன் தொலைபேசியில் கேட்டபோது, கலாராணி, “வேண்டாம் தம்பி, உங்கட கல்குலேற்றர் களைச்சுப்போச்சு, அதுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்கோ,” என்றாள்.

கடைசித் தவணையும் கட்டி, ஸ்கூட்டரின் பதிவுப் புத்தகத்தை வாங்க எமிலியானுஸ் கடைக்குப் போனபோது, பேதுரு என்ற மேசன் வேலைக்காரர் நிரூபன் முன்னால் உட்கார்ந்திருந்தார். நிரூபன் அவருக்கும் தூரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

எமிலியானுஸ் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். “பேதுரு, போன மாசம் பெற்றோலுக்கு உண்மையா எவ்வளவு விட்டீர்? அதைச் சொல்லும். தம்பி, நீர் அதில கரண்டைக் கழியும். பற்றறி ஈயமோ லிதியமோ? ஈயமெண்டா அதை மாத்திறதுக்கு மாசம் ஒரு மூவாயிரத்தையும் கழியும்.”

நிரூபன் கல்குலேற்றரைத் தட்டினான். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “ஐயா, உங்கட புத்தகம் ரெடி. ரீ குடிக்கிறியளோ?” என்றான்.

“குடிப்பமே,” என்றார் எமிலியானுஸ், கதிரையில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டு. “பேதுருவுக்கும் ஒண்டு சொல்லும். இவருக்கு இன்னும் கணக்கு முடியேல்ல.”